பத்தொன்பதரை டிகிரி

கேரம் போர்டில் ஒருவர் ‘கட்’ அடித்தால் சுற்றி நிற்பவர்களின் கண்கள் எல்லாம் காயோடு போய்விடும். ஸ்ட்ரைக்கர் எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அது போய் எதிர்ப் பக்கத்துப் பாக்கெட்டில் விழுந்து, ஃபவுல் என்று ஒரு காயை எடுத்துத் திரும்ப வைக்கும்போதுதான் அதன் நினைவே வரும். சிறு வயதில் நாங்கள் ஆடப் போன தெருமுனை மன்றத்தில் ஓர் அண்ணன் மட்டும் இதற்கு நேர்மாறு. அடித்த மறுகணம் காயை மறந்துவிட்டு ஸ்ட்ரைக்கரையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால், “காய் போற வழி அடிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும் தம்பி. இது எங்க போய் நிக்குதுன்னு பார்த்தாத்தான் அடுத்த ஆட்டம் தெரியும்” என்பார்.

அவர் இயற்பியல் படித்தவரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களில், பதினோராம் வகுப்பு மாணவர்கள் திணறும் ஒரு கணக்கின் சாரம் இருக்கிறது. இரண்டு வட்டத் தட்டுகள் நேருக்கு நேராக இல்லாமல் உரசினாற்போல் மோதிக்கொள்கின்றன. படத்தில் சில கோணங்கள் குறித்திருக்கும். மோதிய பிறகு எது, எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகும்? இந்தக் கேள்விக்குக் கேரம் போர்டைவிட நல்ல மேசை கிடையாது. பில்லியர்ட்ஸ் பந்து உருளும். உருளல் வேறொரு கதையைக் கொண்டுவந்து சேர்க்கும். கேரம் காய் வழுக்கித்தான் போகிறது. பாடப்புத்தகம் சொல்லும் ‘வழுவழுப்பான கிடைத்தளம்’ நம் வீட்டில் போரிக் பவுடர் தூவிய பலகையாகவே இருக்கிறது.

அளவுகளைப் பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பின் விதிகளிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அது 1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட அமைப்பு. பின்னர் 1991இலும் 1995இலும் உலகச் சாம்பியனான மரிய இருதயமும் சென்னைக்காரர்தான். விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, விட்டம் 4.13 செ.மீ.யைத் தாண்டக்கூடாது. காய் 5 முதல் 5.5 கிராம் வரை இருக்கலாம், விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ. வரை. பாக்கெட்டின் விட்டம் 4.45 செ.மீ. நம் கணக்குக்கு 15 கிராம் ஸ்ட்ரைக்கர், 5 கிராம் காய் என்று வைத்துக்கொள்வோம். விட்டங்கள் முறையே 4.1 செ.மீ., 3.1 செ.மீ. ஆக, எடையில் ஒன்றுக்கு மூன்று. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்த மூன்று என்ற எண்தான் ஆணிவேர்.

முதலில் படம். ஒரு வெள்ளைத்தாளில் காயை வரையுங்கள். ஸ்ட்ரைக்கர் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரு கணத்தை வரையுங்கள். இரண்டின் மையங்களையும் ஒரு கோட்டால் இணையுங்கள். இதை மையக்கோடு என்போம். இரண்டு மையங்களுக்கும் இடையிலான தூரம் இரண்டு ஆரங்களின் கூடுதல்: 2.05 + 1.55 = 3.6 செ.மீ. இப்போது ஸ்ட்ரைக்கர் வந்த பாதையை அதன் மையம் வழியாக ஒரு கோடாக நீட்டுங்கள். அந்தக் கோடு காயின் மையத்தை விட்டு எவ்வளவு விலகிப் போகிறது என்பதுதான் ‘கட்’டின் அளவு. விலகல் பூச்சியம் என்றால் நேரடி. 3.6 செ.மீ. என்றால் தொட்டும் தொடாமல் போய்விடும். நடுவில், 1.8 செ.மீ. விலகலில் அடிக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், 1.8 என்பது 3.6இல் பாதி. பாதி என்பது 30 டிகிரியின் சைன். ஆகவே மையக்கோட்டுக்கும் ஸ்ட்ரைக்கர் வந்த திசைக்கும் இடையே சரியாக 30 டிகிரி.

காய் போகும் திசை இதோடு முடிவாகிவிட்டது. அந்த அண்ணன் ‘அடிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும்’ என்றது இதைத்தான். விளிம்பு வழுவழுப்பாக இருக்கும்வரை ஒரு தட்டு இன்னொரு தட்டை மையக்கோட்டின் வழியே மட்டும்தான் தள்ள முடியும். அசையாமல் கிடந்த காய்க்கு அந்தத் தள்ளலைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. எனவே அது மையக்கோட்டிலேயே கிளம்பும். நீங்கள் மெல்லத் தட்டினாலும் ஓங்கி அடித்தாலும், ஸ்ட்ரைக்கர் 15 கிராம் என்றாலும் 12 கிராம் என்றாலும் காயின் திசை அதேதான். எடையும் விசையும் வேகத்தைத்தான் மாற்றும்.

இங்கேதான் புதிதாக ஆடுபவர்கள் வழுக்குகிறார்கள். பாக்கெட்டிலிருந்து காயின் மையம் வழியாக ஒரு கோடு இழுத்து, அது காயின் பின்விளிம்பை வெட்டும் புள்ளியைக் கண்ணால் பிடித்து, ஸ்ட்ரைக்கரின் மையம் அந்தப் புள்ளிக்குப் போகுமாறு குறி வைப்பார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் படும். ஆனால் ஸ்ட்ரைக்கரின் மையம் அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேரவே சேராது. அதற்கு முன்பே அதன் வயிறு காயில் இடித்துவிடும். மையம் போக வேண்டிய இடம், அதே கோட்டில் காயின் மையத்திலிருந்து 3.6 செ.மீ. பின்னால், வெற்றுப் பலகையில் இருக்கிறது. விளிம்புப் புள்ளியைக் குறி வைத்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டே பார்க்கலாம். 30 டிகிரி வேண்டும்; விளிம்புப் புள்ளியின் விலகல் 1.55இல் பாதி, அதாவது 0.775 செ.மீ. இதை 3.6ஆல் வகுத்தால் 0.215. அது சுமார் 12.4 டிகிரியின் சைன். முப்பது கேட்டவருக்குப் பன்னிரண்டரைகூட முழுதாகக் கிடைக்காது. ‘குண்டாகப் பட்டுவிட்டது’ என்று உதட்டைப் பிதுக்கிக்கொள்பவர்களில் பலரும் குறி தவறியவர்கள் அல்லர். சரியாகக் குறிபார்த்துத் தவறான இடத்தில் அடித்தவர்கள்.

இனி வேகங்கள். ஸ்ட்ரைக்கர் மோதும் கணத்தில் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். அந்த வேகத்தை இரண்டு கூறுகளாகப் பிரிக்க வேண்டும். ஒன்று மையக்கோட்டின் வழியே, இன்னொன்று அதற்குச் செங்குத்தாக, விளிம்புகள் தொடும் இடத்தின் தொடுகோட்டின் வழியே. மாணவர்கள் பழக்கதோஷத்தில் கிடைமட்டம், செங்குத்து என்று தாளின் ஓரங்களைப் பார்த்துப் பிரிப்பார்கள். அதில் பிழையில்லை, வழிதான் நீளம். மோதலுக்குத் தாளின் ஓரம் எதுவென்று தெரியாது. அதற்குத் தெரிந்த திசைகள் இரண்டுதான், தள்ளும் திசையும் உரசும் திசையும். 30 டிகிரிக்கு, தள்ளும் திசைக் கூறு 2 × 0.866 = 1.732. உரசும் திசைக் கூறு 2 × 0.5 = 1.

உரசும் திசையில் யாரும் யாரையும் தள்ளவில்லை. அதனால் ஸ்ட்ரைக்கரின் அந்த 1 மீட்டர் வேகம் அப்படியே தங்கிவிடுகிறது. மோதல் என்று நடப்பதெல்லாம் மையக்கோட்டில் மட்டும்தான். அங்கே அது நேரடி மோதலே: 15 கிராம் தட்டு 1.732 வேகத்தில் வந்து, நிற்கும் 5 கிராம் தட்டை இடிக்கிறது. உரசல் மோதல் என்ற பயமுறுத்தும் கணக்கு, திசைகளைச் சரியாகப் பிரித்த மாத்திரத்தில் ஒன்பதாம் வகுப்புக் கணக்காகச் சுருங்கிவிடுகிறது.

ஆனால் அந்த நேரடி மோதலுக்கும் உந்தம் மாறாது என்ற விதி மட்டும் போதாது. ஏன் போதாது என்று எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. தேர்வில் பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது. மோதலுக்குப் பிறகு தெரியாதவை நான்கு: இரண்டு தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகமும் ஒரு திசையும். தளத்தில் உந்தம் மாறாது என்பது இரண்டு சமன்பாடுகளைத்தான் தரும். காய் மையக்கோட்டில்தான் போகும் என்பது மூன்றாவது. நான்காவது ஒன்று வேண்டும். பொருள் எவ்வளவு துள்ளும் என்ற தகவல்தான் அது.

நியூட்டன் 1687இல் வெளியிட்ட ‘பிரின்சிபியா’வில் இதற்கான சோதனைகளைச் சொல்லியிருக்கிறார். உருண்டைகளை ஊசல்போல் தொங்கவிட்டு மோதவைத்தார். நெருங்கிய வேகத்துக்கும் பிரிந்த வேகத்துக்கும் உள்ள விகிதம் ஒரே பொருளுக்கு ஏறக்குறைய மாறாமல் இருப்பதைக் கண்டார். கம்பளி உருண்டைகளில் நெருங்கியது 9 என்றால் பிரிந்தது 5. கண்ணாடியில் 16க்கு 15. இந்த விகிதத்தைத்தான் மீட்சிக் குணகம் என்கிறோம். 1 என்றால் முழுத் துள்ளல், ஆற்றல் இழப்பே இல்லை. 0 என்றால் ஒட்டிக்கொண்டு போகும். கேரமில் மரக்காயும் பிளாஸ்டிக் ஸ்ட்ரைக்கரும் மோதுகின்றன. நம் கணக்குக்கு 0.8 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் போர்டில் அது எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் வழியைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

நெருங்கிய வேகம் 1.732. ஆகவே மையக்கோட்டில் பிரியும் வேகம் அதில் 0.8 பங்கு, 1.386. உந்தமும் மாறக்கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துத் தீர்த்தால் காய்க்குக் கிடைப்பது வினாடிக்கு 2.34 மீட்டர். ஸ்ட்ரைக்கருக்கு மையக்கோட்டில் மிஞ்சுவது 0.95 மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் 1.39, சரியாக இருக்கிறது. காயின் வேகம், அடிக்க வந்த ஸ்ட்ரைக்கரின் வேகத்தைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள். கனமானது இலேசானதை அடித்தால் இலேசானது முந்திக்கொண்டு ஓடும். இதில் விதிமீறல் ஒன்றுமில்லை.

ஸ்ட்ரைக்கருக்கு இப்போது மையக்கோட்டில் 0.95, தொடுகோட்டில் 1. பிதாகரஸ் தேற்றப்படி மொத்தம் 1.38 மீட்டர். திசை மையக்கோட்டிலிருந்து 46.4 டிகிரி. அது வந்த திசையோ மையக்கோட்டிலிருந்து 30 டிகிரி. எனவே ஸ்ட்ரைக்கர் திரும்பியது 46.4 − 30 = 16.4 டிகிரி. காய் இடப்பக்கம் 30 டிகிரியில் போனால் ஸ்ட்ரைக்கர் வலப்பக்கம் 16.4 டிகிரியில் போகும்.

விடை சரியா என்று பார்க்கக் கால்குலேட்டர் வேண்டாம். ஒரு ஸ்கேலும் பாகைமானியும் போதும். உந்தங்களை அம்புகளாக வரையுங்கள். மோதலுக்கு முன் 15 × 2 = 30 அலகு; ஓர் அலகுக்கு அரை சென்டிமீட்டர் என்று 15 செ.மீ. நீளத்தில் ஓர் அம்பு. அதன் வாலிலிருந்து 16.4 டிகிரி சாய்வாக ஸ்ட்ரைக்கரின் அம்பு, 15 × 1.38 = 20.7 அலகு, அதாவது 10.4 செ.மீ. அதன் நுனியிலிருந்து மறுபக்கமாக 30 டிகிரி சாய்த்துக் காயின் அம்பு, 5 × 2.34 = 11.7 அலகு, 5.9 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. கடைசி நுனி முதல் அம்பின் நுனியில் வந்து உட்கார வேண்டும். உட்காராவிட்டால் எங்கோ தவறு. பெரும்பாலும் கோணத்தை வேறொரு கோட்டிலிருந்து அளந்திருப்பீர்கள், அல்லது உந்தத்துக்குப் பதிலாக வேகத்தை அம்பாக்கியிருப்பீர்கள். வேக அம்புகள் முக்கோணமாக மூடிக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இந்த முக்கோணத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. கணக்கைத் தலைகீழாகப் போடலாம். மோதிய பிறகு இரண்டும் போன கோணங்களை மட்டும் ஒருவர் அளந்து தந்தால் போதும். முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் சைன் விதியில் விழுந்துவிடும். 30 அலகை, இரு பாதைகளுக்கும் இடையிலான 46.4 டிகிரியின் சைனால் வகுத்து, 16.4 டிகிரியின் சைனால் பெருக்கினால் காயின் உந்தம். 30 டிகிரியின் சைனால் பெருக்கினால் ஸ்ட்ரைக்கரின் உந்தம். துள்ளலைப் பற்றி எதுவுமே கேட்கத் தேவையில்லை. தேர்வுத்தாளில் படத்தில் இரண்டு கோணங்களையும் குறித்துவிட்டு வேகங்களை மட்டும் கேட்பது இதனால்தான். அந்த இரண்டு கோணங்கள்தான் மூன்றாவது, நான்காவது தகவல்கள். காயின் கோணம் எதிர்ப்பக்கம் என்பதை மறந்து இரண்டையும் ஒரே பக்கம் வரைகிறவருக்கு மதிப்பெண் போகும். பக்கவாட்டு உந்தம் முன்பு பூச்சியம். பின்பும் பூச்சியமாக இருக்க, ஒன்று இடம் போனால் மற்றது வலம் போயாக வேண்டும்.

வீட்டில் அளக்க ஆசைப்படுபவர்கள் போனை போர்டுக்கு நேர் மேலே ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடலாம். பல போன்களில் வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்ட வசதி இருக்கிறது. 2 மீட்டர் வேகத்தில் வரும் ஸ்ட்ரைக்கர் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 8.3 மி.மீ. நகரும். ஒன்றைவிட்டு ஒன்று பார்க்காமல், பத்துப் படங்களைத் தள்ளி அளப்பது நல்லது. மோதலுக்கு முன் 8.3 செ.மீ., பின் ஸ்ட்ரைக்கர் 5.8 செ.மீ., காய் 9.7 செ.மீ. என்று வர வேண்டும். வந்த தூரங்களை மையக்கோட்டின் திசையில் பிரித்து, பிரிந்த வேகத்தை நெருங்கிய வேகத்தால் வகுத்தால் உங்கள் போர்டின் மீட்சிக் குணகம் கையில். பலகையின் உராய்வு இந்த அளவைக் கெடுக்காதா என்று கேட்கலாம். மோதல் நடக்கும் நேரம் ஆயிரத்தில் ஒரு வினாடி என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும், அதற்குள் உராய்வு திருடக்கூடிய வேகம் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். 2 மீட்டரில் அது தூசு. உராய்வு தன் வேலையைக் காட்டுவது மோதிய பிறகு, பாதை நெடுக.

ஸ்ட்ரைக்கர் 16.4 டிகிரி திரும்பியது என்றோம். கட்டை மாற்றினால் இது எப்படி மாறும்? காயை 15 டிகிரியில் அனுப்பினால் ஸ்ட்ரைக்கர் 11 டிகிரி திரும்புகிறது. 30இல் 16.4. 60இல் 12.4 டிகிரிக்குக் குறைகிறது. 75இல் ஏழு டிகிரிகூட இல்லை. இரண்டு முனைகளிலும் திருப்பம் பூச்சியம்தான். நேராக அடித்தால் திரும்பக் காரணமில்லை. தொட்டும் தொடாமல் அடித்தால் திருப்பத் தெம்பில்லை. நடுவில் எங்கோ ஓர் உச்சம் இருக்க வேண்டும்.

துள்ளல் முழுமையாக இருக்கும் உச்சநிலையில் அந்தக் கோணம் எவ்வளவு என்பதற்கு ஓர் அழகான விடை உண்டு. அதன் சைன், காயின் நிறையை ஸ்ட்ரைக்கரின் நிறையால் வகுத்தது. 5ஐ 15ஆல் வகுத்தால் மூன்றில் ஒன்று. மூன்றில் ஒன்றைச் சைனாகக் கொண்ட கோணம் 19.47 டிகிரி. இதற்கு மேல் ஸ்ட்ரைக்கர் திரும்பவே திரும்பாது. உலகச் சாம்பியன் அடித்தாலும் முதல்முறை விரல் வைக்கும் குழந்தை அடித்தாலும், தனியாகக் கிடக்கும் ஒரு 5 கிராம் காய் 15 கிராம் ஸ்ட்ரைக்கரைப் பத்தொன்பதரை டிகிரிக்கு மேல் வளைக்க முடியாது. துள்ளல் 0.8 என்றால் எல்லை இன்னும் சுருங்கி 16.9 டிகிரி. நாம் எடுத்துக்கொண்ட 30 டிகிரிக் கட் அந்த உச்சத்துக்கு மிக அருகில் இருக்கிறது. உச்சம் வருவது ஏறக்குறைய 36, 37 டிகிரியில். காய் விதியின் மேல் எல்லையில், 5.5 கிராமாக இருந்தால் முழுத்துள்ளலில் 21.5 டிகிரி வரை போகும். அதற்குமேல் இல்லை.

ஆட்டக்காரருக்கு இதன் பொருள் என்ன? நீங்கள் அடிக்கும் கோட்டின் இருபுறமும் இருபது டிகிரிக்கு ஒரு விசிறியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தனிக் காயை அடித்த ஸ்ட்ரைக்கர், சட்டத்தில் இடிக்கும்வரை அந்த விசிறிக்குள்தான் இருக்கும். அந்த விசிறிக்குள் பாக்கெட் இல்லையென்றால் நேரடி ஃபவுலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. இருந்தால் யோசிக்க வேண்டும்.

நேரடி அடியின் ஃபவுல் வேறு வகை. அதில் விசிறியே இல்லை. ஸ்ட்ரைக்கர் காயின் பின்னாலேயே அதே பாக்கெட்டுக்குப் போகும். 2 மீட்டர் வேகத்தில் நேராக அடித்தால் காய்க்கு 2.7, ஸ்ட்ரைக்கருக்கு 1.1. வழுக்கி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2.7இன் வர்க்கம் 7.29, 1.1இன் வர்க்கம் 1.21. கிட்டத்தட்ட ஆறுக்கு ஒன்று. அதாவது காய் பாக்கெட் வரை போய்ச் சேருமளவுக்கு மட்டும் அடித்தால், ஸ்ட்ரைக்கர் அந்தத் தூரத்தில் ஆறில் ஒரு பங்கிலேயே நின்றுவிடும். தேவையைவிட ஆறு மடங்கு தூரம் காய் ஓடக்கூடிய வேகத்தில் அடித்தால்தான் ஸ்ட்ரைக்கரும் பாக்கெட்டை எட்டும். பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் காயைப் பலமாக அடிப்பவர்கள் இந்த ஆறு மடங்கை அலட்சியமாகத் தாண்டிவிடுகிறார்கள். பாக்கெட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளிக் கிடக்கும் காயை, 60 செ.மீ. ஓடக்கூடிய வேகத்தில் அடிப்பது ஒன்றும் அதிசயமில்லையே.

காய் காயை அடிக்கும்போது கதை மாறுகிறது. இரண்டும் ஒரே எடை. எடை சமம் என்றால், முழுத் துள்ளலில் அடித்த காயின் மையக்கோட்டு வேகம் மொத்தமும் அடிபட்ட காய்க்குப் போய்விடும். அடித்ததற்கு மிஞ்சுவது தொடுகோட்டு வேகம் மட்டும். ஒன்று மையக்கோட்டில், மற்றது அதற்குச் செங்குத்தில். இரண்டுக்கும் இடையே சரியாக 90 டிகிரி, கட் எவ்வளவாக இருந்தாலும். பில்லியர்ட்ஸ் ஆடுபவர்களுக்கு இந்தச் செங்கோணம் மனப்பாடம். கேரமில் அதை அப்படியே நம்பினால் ஏமாறுவோம். துள்ளல் 0.8 என்றால், அடித்த காயிடம் மையக்கோட்டு வேகத்தில் பத்தில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டிருக்கும். 30 டிகிரிக் கட்டில் இடைக்கோணம் 90 அல்ல, 80தான். ஸ்ட்ரைக்கருக்கும் காய்க்கும் இந்த 90ஐப் பொருத்துவது அதைவிடப் பெரிய தவறு. நம் கணக்கில் அந்த இடைக்கோணம் வெறும் 46.4 டிகிரி என்று பார்த்தோம். செங்கோண விதி எடை சமமாக இருந்தால் மட்டும்தான். புத்தகத்தில் இந்த நிபந்தனை ஒரு வரியில் வந்து போய்விடுகிறது, மாணவர் மனத்தில் 90 மட்டும் தங்கிவிடுகிறது.

மெல்லிய கட் ஏன் கடினம் என்பதையும் இந்தப் படமே சொல்லிவிடும். பாக்கெட் 4.45 செ.மீ., காய் 3.1 செ.மீ. ஓரத்தில் உரசாமல் விழ இருபக்கமும் முக்கால் சென்டிமீட்டருக்கும் குறைவான இடம்தான். காய் அரை மீட்டர் தள்ளியிருந்தால் அது முக்கால் டிகிரிச் சலுகை. இதை ஸ்ட்ரைக்கரின் பாதைக்கு மாற்றினால், 30 டிகிரிக் கட்டில் உங்கள் ஸ்ட்ரைக்கர் 0.4 மி.மீ. வரை தவறலாம். 60 டிகிரியில் 0.24 மி.மீ. 75 டிகிரியில் 0.12 மி.மீ. விலகல் 3.6 செ.மீ.யை நெருங்க நெருங்க, பாதையில் ஒரு மயிரிழை மாறினாலும் மையக்கோடு பெரிதாகத் திரும்பிவிடுகிறது. நல்ல ஆட்டக்காரர்கள் எழுபது டிகிரிக் கட்டைத் தேடிப் போவதில்லை. சட்டத்தில் மோதவிட்டு வேறு வழியாக வருகிறார்கள்.

இவ்வளவும் விளிம்பு வழுவழுப்பு என்ற ஒரே அனுமானத்தின் மேல் நிற்கிறது. உண்மையில் விளிம்புகள் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். ஸ்ட்ரைக்கர் உரசிக்கொண்டு போகும்போது காயின் விளிம்பையும் தன்னோடு இழுக்கும். அதனால் காய் மையக்கோட்டை விட்டு, ஸ்ட்ரைக்கர் வந்த திசைப் பக்கமாகச் சற்று ஒதுங்கும். நாம் 30 டிகிரி என்று குறி வைத்தது 28 அல்லது 27 ஆகிவிடும். இந்த ஒதுக்கத்துக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. பிடிப்பு எவ்வளவு அதிகமானாலும், விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது நின்றவுடன் இழுப்பும் நின்றுவிடும். சுழலாமல் வரும் சீரான தட்டுகளுக்கு, நம் 30 டிகிரிக் கட்டில் அந்த வரம்பு சுமார் 6 டிகிரி. அரை மீட்டரில் 3 டிகிரி என்பதே இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல். பாக்கெட்டைக் கோட்டைவிட அது தாராளம். அனுபவசாலிகள் காரணம் சொல்லாமலேயே ‘இன்னும் கொஞ்சம் மெல்லிசா எடு’ என்று சொல்வது இந்த ஒதுக்கத்துக்கான ஈடுதான். விரலால் ஸ்ட்ரைக்கரைச் சுழலவிட்டு அடிப்பவர்களுக்கு இது கூடவும் செய்யும், குறையவும் செய்யும். அங்கே நம் எளிய கணக்கு நின்றுவிடுகிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று காய்களை ஒரே நேரத்தில் அடிக்கும்போதும் அப்படியே. எது எப்போது யாரைத் தள்ளியது என்று தெரியாமல் நான்கு தெரியாதவை ஆறு, எட்டு என்று பெருகிவிடும்.

உங்கள் போர்டில் விளிம்புப் பிடிப்பு இருக்கிறதா என்று பார்க்கக் கோணத்தை அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. காயின் மேல் விட்டத்தின் வழியே பென்சிலால் ஒரு கோடு போட்டு, மெதுவோட்டத்தில் படம் எடுங்கள். பிடிப்பு இல்லாத விளிம்பு என்றால் கோடு திரும்பாமல் அப்படியே நகர்ந்து போகும். பிடிப்பு இருந்தால் கோடு சுழலும். ஸ்ட்ரைக்கரிலும் ஒரு கோடு போட்டுவைத்தால் இன்னொன்றையும் பார்க்கலாம். பல்சக்கரங்களைப் போல இரண்டும் எதிரெதிராகச் சுழலும் என்றுதான் தோன்றும். ஆனால் காய் இடப்பக்கம் போகும் கட்டில் இரண்டுமே கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், ஒரே பக்கமாகச் சுழன்றுகொண்டு பிரிந்து போகும்.